இரண்டு பாட்டில், மூன்று கை: ஒரு காய்ச்சல் இரவின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். உள்ளே வரும்போது பையன் அப்பாவின் தோளில் சாய்ந்தபடியே கிடந்தான். இரண்டரை வயது, 12 கிலோ. முந்தைய நாள் காலையில் இதே அறையில் என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டவன். இப்போது டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தபோதுகூட அழவில்லை. உதடு வறண்டிருந்தது. கடைசியாக எப்போது மூத்திரம் போனான் என்று கேட்டேன். "காலையில ஒன்பது மணி இருக்கும் டாக்டர்," என்றார் அம்மா. காய்ச்சல் 101.2 டிகிரிதான். ஒரு குழந்தை மருத்துவரைப் பயமுறுத்தும் எண் அல்ல அது.

அப்புறம் அம்மா பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தார். "ரெண்டு மருந்தையும் மாத்தி மாத்திக் குடுத்துட்டுதான் இருக்கோம். ஆனா காய்ச்சல் விடவே மாட்டேங்குது."

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறது என் கிளினிக். குடும்பத்தாரின் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். மருந்தின் அளவுகளையும் நேரங்களையும் மாற்றவில்லை. சொல்ல வந்த விஷயமே அவற்றில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை நான் பார்த்தபோது காய்ச்சலுக்கு அரை நாள் வயதுதான். தொண்டை லேசாகச் சிவந்திருந்தது, மூக்கு ஒழுகியது, பையன் விளையாடிக்கொண்டிருந்தான். பாராசிட்டமால் சிரப் மட்டும் எழுதினேன். 5 மில்லிக்கு 250 மி.கி. உள்ள பாட்டில், 3.5 மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, தேவைப்பட்டால். அதாவது வேளைக்கு 175 மி.கி. குழந்தைகளுக்கு ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு, இது 15-க்குச் சற்றுக் கீழே. நாளுக்கு நான்கு வேளை என்று வைத்தால் இவன் எடைக்கு 720 மி.கி. என்பது நான் தாண்டவிடாத எல்லை.

அன்று மாலை காய்ச்சல் 104 தொட்டிருக்கிறது. ஆறு மணிக்குச் சிரப் கொடுத்து, ஏழு மணிக்குப் பார்த்தால் 102.8. மருந்து கேட்கவில்லை என்று வீடு முடிவு செய்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் அத்தையிடம் போன். அவர் ஊரில் பாராசிட்டமாலையும் ஐபுப்ரோஃபெனையும் மூன்று மணிக்கொருதரம் மாற்றி மாற்றிக் கொடுப்பார்களாம். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போய் ஐபுப்ரோஃபென் சிரப் கேட்டு வாங்கி வந்தார்.

குடும்பத்தையே உட்காரவைத்து, மருந்துச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் 24 மணி நேரக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். யாரும் எதையும் குறித்து வைத்திருக்கவில்லை. அம்மா ஒன்று சொல்ல, அப்பா திருத்த, நடுவில் அப்பாயி ஒன்றைச் சொல்ல, மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, இருபது நிமிடம் ஆனது. வந்தது இது:

சனி மாலை 6: பாராசிட்டமால் 3.5 மில்லி (அம்மா)
இரவு 9: புது பாட்டில் 5 மில்லி (அப்பா)
இரவு 12: பாராசிட்டமால் 3.5 மில்லி (அம்மா)
இரவு 1: பாராசிட்டமால் 7 மில்லி (அப்பாயி)
விடியற்காலை 3: புது பாட்டில் 5 மில்லி (அப்பா)
காலை 6: பாராசிட்டமால் 3.5 மில்லி (அம்மா)
காலை 9: புது பாட்டில் 5 மில்லி, பத்து நிமிடத்தில் கொஞ்சம் வாந்தி, மறுபடி 5 மில்லி (அம்மா)
பகல் 12: பாராசிட்டமால் 3.5 மில்லி (அம்மா)
பகல் 3: புது பாட்டில் 5 மில்லி (அப்பா)

ஒரு மணி வேளையைப் பற்றி அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அசந்து தூங்கிவிட்டார். பேரன் உடம்பு அனலாகக் கொதித்ததும், மருமகளை எழுப்ப மனமில்லாமல் அப்பாயி தானே கொடுத்திருக்கிறார். "புள்ள ரெண்டு நாளா தூங்கலையே டாக்டரம்மா, அதான்," என்றார்.

இனி புது பாட்டிலுக்கு வருவோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தேன். 5 மில்லியில் ஐபுப்ரோஃபென் 100 மி.கி., பாராசிட்டமால் 162.5 மி.கி. இரண்டும் கலந்த சிரப். நம் ஊர் மருந்துக்கடைகளில் ஐபுப்ரோஃபென் தனியாகவும் கிடைக்கும், கலவையாகவும் கிடைக்கும். கலவைதான் அதிகம் விற்கும். அப்பா கேட்டதற்குக் கைக்கு வந்ததைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். முன்பக்கம் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்குக் கீழே பொடி எழுத்தில். அம்மா பட்டதாரி, ஆங்கிலம் நன்றாகப் படிப்பவர். ஆனால் ஜீரோ வாட் வெளிச்சத்தில் யார் அதைப் படிக்கப் போகிறார்கள்?

ஆக, மாற்றி மாற்றிக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் பாராசிட்டமாலைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டினேன். சிரப்பிலிருந்து நான்கு வேளை, 700 மி.கி. அப்பாயி கொடுத்த 7 மில்லியில் 350. கலவை பாட்டிலிலிருந்து ஐந்து முறை, 812.5. மொத்தம் 1,862.5 மி.கி.; கிலோவுக்கு 155. வாந்தியில் போனதை முழுசாகக் கழித்தாலும் கிலோவுக்கு 140-க்கு மேல். நான் நினைத்திருந்த எல்லையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். ஐபுப்ரோஃபென் தனியே 400 முதல் 500 மி.கி.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. அப்பாயியின் ஒரு மணி வேளையும் வாந்திக்குப் பிறகு கொடுத்ததும் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கொருதரம் என்ற அட்டவணை ஒரு பிசிறும் இல்லாமல் நடந்திருந்தாலும், நாளுக்கு 700-உடன் 650 சேர்ந்து 1,350 மி.கி.; கிலோவுக்கு 112. குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்து அளவு மீறும்போது, ஒரே நாளில் கிலோவுக்கு 200 மி.கி., இரண்டு நாள் தொடர்ந்தால் நாளுக்கு 150, மூன்று நாளும் அதற்கு மேலும் போனால் நாளுக்கு 100 என்பவை கல்லீரலுக்காகக் கவலைப்பட வேண்டிய கோடுகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. வைரஸ் காய்ச்சல் சாதாரணமாக மூன்று நாள் இருக்கும். யாருமே தவறு செய்யாமல், அலாரம் வைத்து ஒழுங்காகக் கொடுத்திருந்தாலே மூன்றாம் நாள் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள்.

அதுவும் சத்தமில்லாமல் நடந்திருக்கும். பாராசிட்டமால் அதிகமானால் முதலில் தெரிவது பசியின்மை, குமட்டல், வாந்தி, சோர்வு. காய்ச்சலில் இருக்கும் குழந்தைக்கு இவை இருக்கத்தானே செய்யும்? காய்ச்சல் விடவில்லை என்று இன்னொரு வேளை கொடுப்பார்கள்.

அடுத்தது அந்த 7 மில்லி. "எப்பவும் ஏழு மில்லிதானே?" என்று அப்பாயி கேட்டார். அவர் சொன்னது சரி. நான்கு மாதம் முன்பு இதே பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது 5 மில்லிக்கு 120 மி.கி. உள்ள பாட்டிலை எழுதி, 7 மில்லி என்று சொன்னது நான்தான். அதில் 7 மில்லி என்றால் 168 மி.கி. இந்த முறை கடையில் 250 பாட்டில் இருக்கும் என்று நினைத்து 3.5 என்று எழுதினேன். இரண்டு சீட்டிலும் மில்லி மட்டும்தான் இருந்தது, மி.கி. இல்லை. பாட்டில் மாறிவிட்டது, வீட்டின் ஞாபகத்தில் எண் மாறவில்லை. இதில் அப்பாயியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் இதைவிட மோசம். அதில் ஒரு மில்லிக்கே 100 மி.கி. இருக்கும், 120 சிரப்பில் ஒரு மில்லிக்கு 24 தான். பெயர் ஒன்று, மருந்து ஒன்று, வீரியம் நான்கு மடங்கு. அமெரிக்காவில் இதே குழப்பத்தால் 2011-இல் கைக்குழந்தைகளுக்கான அடர்த்தியான டிராப்ஸைக் கைவிட்டு, எல்லாக் குழந்தைகளுக்கும் 5 மில்லிக்கு 160 மி.கி. என்ற ஒரே வீரியத்துக்கு வந்தார்கள். இங்கே மூன்றும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கின்றன.

சரி, பையனுக்கு என்ன ஆயிற்று? அன்று மாலை என்னை அவசரப்படுத்தியது கல்லீரல் அல்ல, சிறுநீரகம். ஒன்பது மணி நேரமாக மூத்திரம் இல்லை. ஞாயிறு காலையிலிருந்து நான்கு முறை வாந்தி. குடித்தது அரை டம்ளர் கஞ்சித் தண்ணீர். அந்த நிலையில் ஐபுப்ரோஃபென் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை மதகை வைத்துச் சொல்வேன். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வாய்க்கால்தான் முதலில் காயும். அப்போது மதகை அகலத் திறந்துவிட வேண்டும். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயை அப்படித் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். ஐபுப்ரோஃபென் காய்ச்சலைக் குறைப்பதே அந்தப் பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான். நன்றாகத் தண்ணீர் குடித்து, மூத்திரம் போகிற குழந்தைக்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வறண்டு கிடக்கும் குழந்தைக்கு மதகை மூடியது போல ஆகிவிடும்.

வாந்திக்குப் பிறகு மறுபடி கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை. பாராசிட்டமால் கொடுத்து அரை மணிக்குள் மருந்தை அப்படியே வாந்தியெடுத்துவிட்டால் ஒருமுறை திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஏற்றுக்கொண்ட வழக்கம்தான். கொஞ்சம் போயிற்றா, எல்லாம் போயிற்றா என்று தெரியாதபோதும், வாந்தி தொடர்ந்து வரும்போதும் திருப்பிக் கொடுக்கக்கூடாது; அதுவும் ஐபுப்ரோஃபென் உள்ள மருந்தை நிச்சயமாகக் கூடாது.

பக்கத்து ஊர் பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்து, கணக்கெழுதிய தாளையும் இரண்டு பாட்டில்களையும் கையில் கொடுத்து அனுப்பினேன். பாட்டிலைக் கொண்டுபோவது முக்கியம். "பிங்க் கலர் மருந்து" என்று போய் நின்றால் அங்கேயும் முதலிலிருந்து விசாரணை தொடங்கும். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் 0.8 வந்தது. பெரியவர்களுக்கு இது சாதாரணம். 12 கிலோ பையனுக்கு இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. கல்லீரலைக் காட்டும் எஸ்ஜிபிடி இயல்பாக இருந்தது. சலைன் ஏற்றினார்கள், இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள். மூன்று மணி நேரத்தில் மூத்திரம் போனான். பாராசிட்டமால் நஞ்சுக்கு மாற்று மருந்தான அசிட்டைல் சிஸ்டீனை கையில் வைத்துக்கொண்டு, மறுநாள் எஸ்ஜிபிடியைத் திரும்பப் பார்த்து, அது ஏறாததால் கொடுக்காமல் விட்டார்கள். கிரியேட்டினின் 0.4-க்கு இறங்கியது. ஐப்பசி மழைக்காலம் என்பதால் டெங்குவும் பார்த்தார்கள், இல்லை. செவ்வாய்க்கிழமை காய்ச்சல் தானாகவே விட்டது.

டெங்கு இருந்திருந்தால் கதை வேறு. ரத்தத் தட்டணுக்கள் குறையும் நோயில், தட்டணுக்களின் வேலையையும் கெடுத்து வயிற்றையும் புண்ணாக்கும் ஐபுப்ரோஃபெனைக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு தெளிவாகச் சொல்கிறது. காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாளில் இது டெங்குவா, வேறா என்று கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மழைக்காலத்தில் நானாக ஐபுப்ரோஃபென் எழுதுவது அபூர்வம். அத்தை இருக்கும் ஊரில் சரியாக இருக்கும் வழக்கம் நம் ஊர் ஐப்பசிக்குப் பொருந்தாது என்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இத்தனைக்கும் ஆரம்பம் சனி மாலை ஏழு மணிதான். 104 இருந்தது 102.8 ஆனது. மருந்து வேலை செய்துகொண்டிருந்தது! பாராசிட்டமால் குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில்தான் இறங்கத் தொடங்கும்; நன்றாக இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அப்போதும் இரண்டு டிகிரி போல இறங்கினால் அதுவே நல்ல பலன். 98.6-க்கு வந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்த மருந்தும் தோற்றதாகத்தான் தெரியும்.

எதிர்பார்ப்புக்குப் பின்னால் இருப்பது ஜன்னி, அதாவது காய்ச்சலில் வரும் வலிப்பு பற்றிய பயம். அந்த வீட்டில் அப்பாவுக்குச் சின்ன வயதில் ஜன்னி வந்ததாம். அப்பாயி அதை இன்னும் மறக்கவில்லை. காய்ச்சல் மருந்து ஜன்னியைத் தடுக்கும் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். தடுப்பதில்லை என்பதே ஆய்வுகளில் தெரிவது. நேரம் தவறாமல் கொடுத்தாலும் ஜன்னி வரும் குழந்தைக்கு வரும்; பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே நின்றும்விடும். இதைச் சொன்னால் பெற்றோர் முகம் வாடும், தெரியும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாதவரை இரவு ஒரு மணிக்கு யாராவது ஒருவர் எழுந்து மூடியைத் திறந்துகொண்டுதான் இருப்பார்.

மாற்றி மாற்றிக் கொடுப்பதால் பலனே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் சின்னது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் 156 குழந்தைகளை வைத்து நடந்த பிட்ச் என்ற ஆய்வு 2008-இல் வெளிவந்தது. இரண்டையும் கொடுத்தபோது, ஒரு நாளில் காய்ச்சலோடு இருந்த நேரம் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தவர்களைவிட நாலரை மணி நேரம் போலவும், ஐபுப்ரோஃபென் மட்டும் கொடுத்தவர்களைவிட இரண்டரை மணி நேரமும் குறைந்தது. குழந்தையின் அசௌகரியத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. தெர்மாமீட்டருக்குக் கிடைத்த ஆறுதல் குழந்தைக்குக் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதல் இதனால்தான் இப்படி வரிசைப்படுத்துகிறது: முதலில் ஏதாவது ஒரு மருந்து, அதுவும் குழந்தை வேதனைப்பட்டால், அது கேட்காவிட்டால் மற்றொன்றுக்கு மாறலாம், இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடாது, அடுத்த வேளைக்கு முன்பே வேதனை திரும்ப வந்தால் மட்டும் மாற்றி மாற்றிக் கொடுப்பதை யோசிக்கலாம்.

மூன்று மணிக்கொருதரம் என்ற அந்த வாய்ப்பாட்டிலேயே ஒரு பொறி உண்டு. மூன்று மணிக்கு ஒன்று என்று மாற்றினால், ஒவ்வொரு மருந்தும் ஆறு மணிக்கொருதரம் வரும், நாளுக்கு நான்கு. பாராசிட்டமாலுக்கு நான்கு சரி. ஐபுப்ரோஃபெனை நான் நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் எழுதுவதில்லை, எட்டு மணி இடைவெளி. இரண்டு மருந்துக்கும் வெவ்வேறு கடிகாரம். வீட்டிலோ "கடைசியா மருந்து எப்போ கொடுத்தோம்?" என்றுதான் கேட்பார்கள். கேட்க வேண்டியது "கடைசியா *இந்த* மருந்து எப்போ கொடுத்தோம்?" என்று. தூக்கக் கலக்கத்தில் எட்டு வேளை, இரண்டு கடிகாரம், மூன்று பேர்.

அந்த வாரம் டிஸ்சார்ஜ் ஆகி வந்தபோது அவர்களிடம் சொன்னதையே இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். காய்ச்சல் சமயத்தில் வீட்டில் ஒரே ஒரு மருந்து வெளியே இருக்கட்டும், பாராசிட்டமால். மற்ற பாட்டில்களைப் பீரோவில் பூட்டுங்கள். சளி சிரப் உட்பட, ஏனென்றால் அவற்றில் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். பாலாடையிலும் வீட்டு ஸ்பூனிலும் வேண்டாம். பாட்டிலோடு ரப்பர் பேண்டில் ஒரு சின்ன நோட்டைக் கட்டி வையுங்கள். மூடியைத் திறக்கும் முன் அதைப் பார்ப்பது, மூடியதும் எழுதுவது. ராத்திரிக்கு யார் பொறுப்பு என்று தூங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கொடுக்க நினைத்தால் அவரை எழுப்பித்தான் ஆக வேண்டும், பாவம் என்று விடக்கூடாது. தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம். இரண்டாவது மருந்து வேண்டும் என்று தோன்றினால் அது கடைக்கு அல்ல, எனக்குப் போன் செய்ய வேண்டிய நேரம். நான் முதலில் கேட்பது மூத்திரம், வாந்தி, குடித்த தண்ணீர், காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதுதான்.

காய்ச்சல் இன்னும் ஏறுகிறதா என்று காத்திராமல் தூக்கிக்கொண்டு வர வேண்டிய சில நிலைகளும் உண்டு: மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 வந்தாலே, எட்டு மணி நேரம் மூத்திரம் இல்லாவிட்டால், எழுப்பினாலும் சரியாக முழிக்காவிட்டால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் சோர்வும் கூடினால். கடைசியாகச் சொன்னது டெங்குவின் வேலை. காய்ச்சல் இறங்கியதில் நிம்மதியாகும் வீடுகள் அதைத் தவறவிடுகின்றன.

என் பக்கம் நான் மாற்றியது சீட்டை. இப்போது மி.கி.யை முதலில் எழுதி, எந்த பாட்டில் என்பதைச் சேர்த்து, பிறகு மில்லி எழுதுகிறேன். எழுதிய பாட்டில் இல்லையென்றால் வேறு கொடுக்காமல் எனக்குப் போன் செய்யும்படி கடைக்காரருக்கு ஒரு வரி.

தை மாதம் பையனுக்கு மறுபடி காய்ச்சல். அம்மா நோட்டோடு வந்தார். முதல் பக்கத்தில் அப்பாயியின் கோணல் எழுத்தில் ஒரு வரி: "12.40. உடம்பு சுடுது. 9.30க்கு கொடுத்தாச்சு. தண்ணி மட்டும்." அதற்குக் கீழே அம்மா: "3.50. 102. தூங்குறான். கொடுக்கல." எடை போட்டுப் பார்த்தேன், 12.8 கிலோ. 175 மி.கி. இன்னும் அவன் எடைக்குச் சரியான அளவுக்குள்தான் இருந்தது. இன்னொரு புது எண்ணை அந்த வீட்டுக்குக் கொடுக்க விரும்பவில்லை. 250 பாட்டில், 3.5 மில்லி என்று பழையதையே எழுதிக் கொடுத்தேன்.